எட்டு மில்லி விநாடியின் வரவு செலவு: ரயில்கன் இயங்கும் விதம்

இணையாகக் கிடக்கும் இரண்டு உலோகத் தண்டவாளங்கள். இரண்டையும் தொட்டபடி குறுக்கே நழுவும் ஓர் உலோகத் துண்டு. பின்முனையில் பெரும் மின்னோட்டத்தைத் தரவல்ல ஒரு மின்மூலம். ரயில்கன்னின் அடிப்படை அமைப்பு இவ்வளவுதான். வெடிமருந்து இல்லை, விரியும் வாயு இல்லை. மின்னோட்டம் ஒரு தண்டவாளம் வழியாக முன்னே போய், குறுக்குத் துண்டைக் கடந்து, மற்றத் தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. இந்தக் குறுக்குத் துண்டுக்கு ஆர்மேச்சர் என்று பெயர். எறியப்படும் குண்டு அதன் முன்னால் பொருத்தப்பட்டிருக்கும்.

எதிரெதிர்த் திசைகளில் மின்னோட்டம் பாயும் இரு தண்டவாளங்களும் தம் இடைவெளியில் ஒரே திசையில் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. ஆகவே இரண்டும் அங்கே கூடி வலுக்கின்றன. அந்தப் புலத்துக்குள் குறுக்காக மின்னோட்டத்தைச் சுமந்து நிற்கும் ஆர்மேச்சர் மீது முன்னோக்கி விசை பிறக்கிறது. பள்ளிப் பாடத்தில் மோட்டாருக்குச் சொல்லித்தரும் அதே விசைதான் இது. மின்மூலத்தின் முனைகளை மாற்றி இணைத்தாலும் குண்டு பின்னோக்கி வராது. மின்னோட்டத்தின் திசை மாறும்போது அது உண்டாக்கும் புலத்தின் திசையும் மாறிவிடுவதால், விசை முன்போலவே வாய்ப்பக்கம் நோக்கித்தான் இருக்கும்.

இதைத் துப்பாக்கியாக்கும் யோசனை பழையது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபோஷோன் வில்ப்ளே இத்தகைய கருவி ஒன்றுக்கு 1922இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். தத்துவம் அவ்வளவு எளிதாக இருந்தும் கருவி ஏன் ஒரு நூற்றாண்டு காலமாக ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறத் தடுமாறியது என்பதற்கான விடை, அதன் ஆற்றல் கணக்கில் இருக்கிறது.

விசை எங்கிருந்து வருகிறது

ஆர்மேச்சர் மீதான விசையைக் காணப் பலரும் முதலில் எடுக்கும் வழி, காந்தப்புலத்தையும் மின்னோட்டத்தையும் தண்டவாள இடைவெளியையும் பெருக்குவது. அப்படிச் செய்தால் விடை ஏறத்தாழ இரு மடங்காக வந்துவிடும். ஆர்மேச்சருக்குப் பின்புறம் புலம் முழு வலிமையுடன் இருக்கிறது. முன்புறம் மின்னோட்டமே இல்லாததால் புலம் கிட்டத்தட்ட இல்லை. ஆர்மேச்சரின் உடலுக்குள்தான் அது முழு அளவிலிருந்து சுழிக்கு இறங்குகிறது. எனவே அதன் மின்னோட்டம் சராசரியாக உணர்வது பாதிப் புலத்தை மட்டுமே.

ஆற்றல் வழியே போனால் இந்தச் சிக்கல் எழாது. தண்டவாளமும் ஆர்மேச்சரும் சேர்ந்து ஒரே சுற்றுள்ள மின்சுருள் போன்றவை. ஆர்மேச்சர் முன்னேற முன்னேற அந்தச் சுற்றின் பரப்பு வளர்கிறது, அதன் மின்தூண்டலும் வளர்கிறது. ஒரு மீட்டர் நகர்ந்தால் மின்தூண்டல் எவ்வளவு கூடுகிறது என்பதை L′ எனக் குறிப்பது வழக்கம். மின்னோட்டம் I மாறாமல் இருக்கையில் ஆர்மேச்சர் ஒரு மீட்டர் முன்னேறினால், மின்மூலம் L′I² அளவு ஆற்றலைத் தர வேண்டியிருக்கிறது. அதே ஒரு மீட்டரில் புதிதாக உருவான காந்தப்புலத்தில் தேங்குவது ½L′I². மீதமுள்ள பாதி குண்டைத் தள்ளும் வேலையாகிறது. ஒரு மீட்டருக்குச் செய்யப்படும் வேலைதான் விசை என்பதால்:

F = ½ L′ I²

இந்தச் சூத்திரத்தில் புலத்தின் வடிவம், ஆர்மேச்சருக்குள் மின்னோட்டம் பரவும் விதம் எதுவும் இல்லை. எல்லாம் L′ என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த எண்தான் ரயில்கன் கட்டுபவரின் முதல் சங்கடம். தண்டவாளங்களின் உயரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தையே அது பெரும்பாலும் சார்ந்திருக்கிறது. துப்பாக்கி முழுவதையும் இரு மடங்கு பெரிதாகச் செய்தாலும் L′ அப்படியேதான் நிற்கும். விகிதத்தை மாற்றினால் சற்றே மாறும், அதுவும் மிக மெதுவாக. நடைமுறையில் அதன் மதிப்பு ஒரு மீட்டருக்கு அரை மைக்ரோஹென்றியை ஒட்டியே இருக்கிறது.

அரை மைக்ரோஹென்றியின் பொருள் எண்களில்தான் புரியும். ஆயிரம் ஆம்பியர் பாய்ச்சினால் கிடைக்கும் விசை கால் நியூட்டன், அதாவது 25 கிராம் எடை. ஒரு பட்டறையின் மொத்த இயந்திரங்களையும் ஓட்டக்கூடிய மின்னோட்டத்தால் இங்கே ஒரு சிறு எலுமிச்சையின் எடையைத்தான் தாங்க முடிகிறது. ஆனால் விசை மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுகிறது. ஒரு லட்சம் ஆம்பியரில் அது 250 கிலோ எடையாகிறது. பத்து லட்சம் ஆம்பியரில் 25 டன். ரயில்கன் எங்கே பேசப்பட்டாலும் லட்சக்கணக்கான ஆம்பியர்கள் உடன் வருவது இதனால்தான். L′ கைகொடுக்காதபோது பிடிக்க வேறு பிடி இல்லை.

ஒரு சுடுகையின் கணக்கு

அமெரிக்கக் கடற்படை வர்ஜீனியா மாநிலத்தின் டால்கிரன் ஆய்வுத் தளத்தில் நடத்திய சோதனைகள் இத்துறையின் உச்சங்கள். 2008 ஜனவரியில் அங்கே ஒரு சுடுகை 10.64 மெகாஜூல் இயக்க ஆற்றலை, விநாடிக்கு 2,520 மீட்டர் வேகத்தில் எட்டியது. 2010 டிசம்பரில் ஆற்றல் 33 மெகாஜூலானது. அதன்பின் வந்த முன்மாதிரிகள் 32 மெகாஜூலை இலக்காகக் கொண்டவை. அந்த அளவிலான ஒரு சுடுகையை எளிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஆர்மேச்சர் உட்பட எறியப்படுவது 10 கிலோ, துப்பாக்கியின் நீளம் 10 மீட்டர், வாயை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு 2,500 மீட்டர், L′ அரை மைக்ரோஹென்றி, மின்னோட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இயக்க ஆற்றல் 31.25 மெகாஜூல். அதைப் 10 மீட்டருக்குள் ஊட்ட வேண்டுமானால் விசை 31.25 லட்சம் நியூட்டன், அதாவது சுமார் 320 டன் எடை. முடுக்கம் புவியீர்ப்பைப் போல 32,000 மடங்கு. நகரத் தொடங்கியது முதல் வெளியேறும் வரை ஆகும் நேரம் 8 மில்லி விநாடி. மேலே கண்ட சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், இதற்குத் தேவையான மின்னோட்டம் 35 லட்சம் ஆம்பியர் என்று வருகிறது.

இவ்வளவுக்கும் ஆற்றலின் அளவு ஒன்றும் மலைக்கத்தக்கதல்ல. மின் கட்டண ரசீதில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். வாயை விட்டு வெளியேறும் குண்டிடம் இருக்கும் 31.25 மெகாஜூல் ஒன்பது யூனிட்டுக்கும் குறைவு. கடினம் அந்த ஒன்பது யூனிட்டை 8 மில்லி விநாடிக்குள் கொட்டுவதில்தான் இருக்கிறது. ஆர்மேச்சர் வேகமெடுக்க எடுக்க, வளரும் சுற்று மின்மூலத்துக்கு எதிரான மின்னழுத்தம் ஒன்றைத் தோற்றுவிக்கிறது. அதன் அளவு L′, மின்னோட்டம், வேகம் மூன்றின் பெருக்கம். தொடக்கத்தில் அது சுழி. வாயை எட்டும்போது 4,400 வோல்ட். அந்த எதிர்ப்பை மீறி 35 லட்சம் ஆம்பியரைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், கடைசிக் கணத்தில் மின்மூலம் தரும் திறன் சுமார் 15,600 மெகாவாட். எந்த மின்நிலையத்தையும் நேரடியாக இதனுடன் இணைக்க முடியாது என்பதும், ஆற்றலை முன்னதாகவே சேமித்து வைத்திருக்க வேண்டும் என்பதும் இந்த ஓர் எண்ணிலேயே முடிவாகிவிடுகின்றன.

பாதி எங்கே போகிறது

இனி வரவு செலவு. குண்டுக்குப் போனது 31.25 மெகாஜூல். மின்னோட்டம் மாறாமல் இருந்ததால், சூத்திரத்தைத் தந்த அதே பங்கீட்டின்படி இன்னொரு 31.25 மெகாஜூல் தண்டவாளங்களுக்கு இடையே காந்தப்புலமாக நிற்கிறது. உராய்வே இல்லாத, மின்தடையே இல்லாத இலட்சியத் தண்டவாளங்களாக இருந்தாலும் இது தவிர்க்க முடியாதது. ஒரே அளவான மின்னோட்டத்தில் இயங்கும் எளிய ரயில்கன்னின் செயல்திறன், புலத்தில் தேங்கியதை மீட்காதவரை, 50 சதவீதத்தைத் தாண்டாது. இந்தத் துறையில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு எண் எதுவென்றால் அது இதுதான்.

புலத்தில் தேங்கிய ஆற்றல் குண்டு போனபின் சும்மா இருக்காது. ஆர்மேச்சர் வாயைவிட்டு விலகும் கணத்தில் சுற்று அறுகிறது. ஆனால் மின்தூண்டல் உள்ள சுற்றில் மின்னோட்டம் ஒரு கணத்தில் நின்றுவிட முடியாது. அது காற்றைக் கிழித்துக்கொண்டு, இரு தண்டவாள முனைகளுக்கும் இடையே பெரும் மின்வில்லாகப் பாய்கிறது. வெடிமருந்தே இல்லாத துப்பாக்கியின் வாயில் சோதனைப் படங்களில் தெரியும் அந்தத் தீப்பிழம்பில் இந்த மின்வில்லுக்குப் பெரும் பங்கு உண்டு. உருகித் தெறித்த அலுமினியம் காற்றில் எரிவதும் அதனுடன் சேர்கிறது. ஒவ்வொரு சுடுகையிலும் முனைகள் இப்படி எரிந்து தேயும். வாயருகே இரு தண்டவாளங்களையும் ஒரு மின்தடை வழியாக இணைத்து வைத்தால், அறுபட்ட மின்னோட்டத்துக்கு மாற்றுப் பாதை கிடைக்கும், முனைகள் தப்பும். ஆற்றல் அப்போதும் வெப்பமாகத்தான் போகும், ஆனால் வீணாகும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

இதைவிட நல்ல வழி, முதலிலேயே அவ்வளவு ஆற்றலைப் புலத்தில் விடாமல் இருப்பது. தொடக்கத்தில் மின்னோட்டத்தை உயர்த்தி, வாயை நெருங்கும்போது தணிய விட்டால், புலத்தில் இருந்த ஆற்றலில் ஒரு பகுதி குண்டைத் தள்ளவே செலவாகிறது. வெளியேறும் கணத்தில் மின்னோட்டம் பாதியாகக் குறைந்திருந்தால், எஞ்சும் புல ஆற்றல் கால்பங்கு, அதாவது 8 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவு. இதற்கு விலை உண்டு. முன்பாதியில் 40 லட்சம் ஆம்பியருக்கு மேல் போக வேண்டியிருக்கும், தண்டவாளத்தின் பின்முனை அத்தனை வெப்பத்தையும் விசையையும் தாங்க வேண்டியிருக்கும். துடிப்பின் வடிவத்தைச் செதுக்குவது என்பது, வாய்முனையைக் காப்பாற்றுவதா பின்முனையைக் காப்பாற்றுவதா என்ற பேரம்தான்.

அடுத்த செலவு மின்தடை. செம்பு நல்ல கடத்திதான். ஆனால் இங்கே மின்னோட்டம் செம்பின் முழுக் குறுக்குவெட்டிலும் பரவ நேரமில்லை. மேற்பரப்பிலிருந்து உள்ளே ஊடுருவ அதற்குக் காலம் தேவைப்படுகிறது. 8 மில்லி விநாடியில் அது எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆர்மேச்சர் இப்போதுதான் கடந்த இடங்களில் இதைவிட மிகவும் குறைவு. தண்டவாளம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த மெல்லிய படலம்தான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள தண்டவாளம் என்று கொண்டால், இந்தச் சுடுகையில் தண்டவாள வெப்பமாகப் போவது 10 மெகாஜூலை ஒட்டி இருக்கும். மின்மூலத்தின் சுருள்களும் கம்பிகளும் சுவிட்சுகளும் தின்பது அதைவிடக் குறையாது. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சுடுகைக்குச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது 90 மெகாஜூல் அளவில் வருகிறது. குண்டு அதில் மூன்றில் ஒரு பங்கைப் பெறுகிறது.

நழுவும் தொடுகை

ஆற்றல் கணக்கில் மிகச் சிறிய பற்று, ஆர்மேச்சரும் தண்டவாளமும் தொடும் இடத்தில் விழுகிறது. அங்கே சில பத்து வோல்ட்தான் இழப்பு. 30 வோல்ட் என்று வைத்தாலும் மொத்தம் ஒரு மெகாஜூல் கூட ஆகாது. ஆயினும் ரயில்கன்னின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த ஒரு மெகாஜூல்தான். மற்ற வெப்பமெல்லாம் மீட்டர் கணக்கில் பரவுகிறது. இது உள்ளங்கையளவு பரப்பில் குவிகிறது.

ஆர்மேச்சர் வழக்கமாக அலுமினியத்தால், பின்புறம் திறந்த U வடிவத்தில் செய்யப்படுகிறது. அதன் இரு கால்களும் தண்டவாளங்களில் அழுந்தி நிற்கும். ஓர் ஆம்பியருக்கு ஒரு கிராம் எடை என்ற விகிதத்தில் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் புழங்கும் கைக்கணக்கு. 35 லட்சம் ஆம்பியருக்கு அது மூன்றரை டன். தொடக்கத்தில் மின்னோட்டம் ஏறும் முன்பே தொடுகை இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதால், ஆர்மேச்சரைத் துளையைவிடச் சற்றே பெரிதாகக் கடைந்து, நீரியல் அழுத்தியால் திணிக்கிறார்கள். மின்னோட்டம் வந்தபின் U வடிவத்தின் கால்களை அதே காந்த விசை வெளிப்பக்கம் விரித்து அழுத்திக்கொள்கிறது.

ஓட்டம் தொடங்கியதும் தொடுபரப்பில் அலுமினியம் உருகுகிறது. இது கெடுதல் அல்ல. உருகிய மெல்லிய படலம் மசகாகவும் கடத்தியாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. படலம் தீராமல் கால்கள் உருகிக்கொண்டே இருக்கும் வரை தொடுகை நன்றாக இருக்கும். வேகம் கூடும்போது நிலைமை கடுமையாகிறது. ஆர்மேச்சர் கணந்தோறும் புதிய, மின்னோட்டம் இன்னும் நுழையாத செம்பைத் தொடுகிறது. உள்ளே ஊடுருவ அவகாசமில்லாத மின்னோட்டம் தொடுபரப்பின் பின்விளிம்பிலேயே நெருக்கியடித்துக் குவிகிறது. அந்த விளிம்பு முதலில் உருகி ஓடுகிறது, மின்னோட்டம் அடுத்த விளிம்புக்குத் தாவுகிறது, அதுவும் உருகுகிறது. கால் இப்படிப் பின்னிருந்து முன்னாகத் தேய்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் திடத் தொடுகை அற்று, மின்வில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் தண்டவாளம் தேய்வதில்லை, அரிபடுகிறது.

இது நடந்ததா இல்லையா என்பதை அறியச் சோதனைக்குப் பிறகு துப்பாக்கியைத் திறக்க வேண்டியதில்லை. வாய்முனையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மின்னழுத்தமானியை இணைத்தால் போதும். ஆர்மேச்சருக்கு முன்னே தண்டவாளங்களில் மின்னோட்டம் இல்லாததால், அந்த மானி காட்டுவது ஆர்மேச்சரிலும் அதன் தொடுகையிலும் உண்டாகும் இழப்பை மட்டுமே. வரைபடத்தில் கோடு சில பத்து வோல்ட்டில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்து, திடீரென நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்குத் தாவினால், அந்தக் கணத்தில் உலோகம் விலகி மின்வில் வந்துவிட்டது என்று பொருள். துளை நெடுகிலும் சிறு கம்பிச் சுருள்களைப் பதித்து வைத்திருப்பார்கள். ஆர்மேச்சர் ஒவ்வொன்றையும் கடக்கும்போது புலத்தின் தாவலால் அதில் ஒரு சைகை எழும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த மீட்டரில், எந்த வேகத்தில் தொடுகை முறிந்தது என்பது தெரிந்துவிடும்.

சுட்டபின் தண்டவாளத்தைக் கழற்றிப் பார்த்தால் காயங்கள் இடத்துக்கேற்ப வேறுபடும். பின்முனையில், ஆர்மேச்சர் மெதுவாக இருந்து அதிக நேரம் ஒரே இடத்தைச் சூடாக்கிய பகுதியில், விளிம்போரமாக நீளும் உருகிய பள்ளங்கள். நடுவிலும் அப்பாலும், மிகை வேகத்தில் உலோகம் உலோகத்தில் மோதித் தெறித்ததால் உண்டான கண்ணீர்த்துளி வடிவக் குழிகள். இவை மின்சாரத்தால் வருவன அல்ல. ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டிகளைத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தடங்களிலும் இதே குழிகள் விழுகின்றன. வாய்முனையில் மின்வில்லின் எரிந்த தடம். ஒரே தண்டவாளத்தில் மூன்று வகைக் காயம், மூன்றுக்கும் மூன்று காரணம். ஒன்றைக் குறைக்கச் செய்யும் மாற்றம் மற்றொன்றைக் கூட்டிவிடுகிறது.

குண்டை முன்னே தள்ளும் அதே மின்னோட்டம் தண்டவாளங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கவும் செய்கிறது. இந்தச் சுடுகையில் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் விலக்கு விசை ஆயிரம் டன்னுக்கு மேல். தண்டவாளம் மில்லிமீட்டரில் சிறு பங்கு விலகினாலே தொடுகை தளர்ந்து மின்வில் பிறக்கும். எனவே துப்பாக்கியின் பெரும்பங்கு எடை மின்சாரத்துக்காக அல்ல, தண்டவாளங்களை இறுக்கிப் பிடிக்கும் உறைக்காகவே போகிறது. அந்த உறை காந்தப்புலத்தைக் கெடுக்காதபடி மின்கடத்தா இழைக்கலவையாகவோ, தகடு தகடாகப் பிரித்த எஃகாகவோ இருக்க வேண்டும்.

தொடுகைப் பிரச்சினையைத் தாண்ட ஒரு குறுக்கு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஒலிஃபன்ட் அமைத்த, 500 மெகாஜூல் சேமிக்கவல்ல சுழல் மின்னாக்கி இருந்தது. 1970களில் அங்கு ரிச்சர்ட் மார்ஷலும் உடன் பணியாற்றியவர்களும், உலோக ஆர்மேச்சருக்குப் பதில் ஆவியாக்கிய உலோகப் படலத்தின் பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் கட்டியின் பின்னால் வைத்துத் தள்ளினார்கள். 3 கிராம் கட்டி விநாடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதன் இயக்க ஆற்றல் 52 கிலோஜூல், அந்த மின்னாக்கியின் கொள்ளளவில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. திடத் தொடுகை இல்லாததால் உராய்வு குறைந்தது. ஆனால் பிளாஸ்மா சுவர்களையும் தண்டவாளங்களையும் ஆவியாக்கித் தன்னுடன் இழுத்துச் சென்று பாரமாகியது. மின்னோட்டத்தின் ஒரு பகுதி பின்தங்கிய வாயுவில் தனி வில்லாகப் பிரிந்து, தள்ளுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் வீணாகவும் செய்தது.

சேமிப்பு எங்கே

90 மெகாஜூலை மில்லி விநாடிகளில் விடுவிக்க இன்று பெரும்பாலும் மின்தேக்கிகள்தான் பயன்படுகின்றன. அவற்றைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு சுருளும் கொடுத்து, அடுத்தடுத்துத் திறக்கிறார்கள். முதல் சில தொகுதிகள் சேர்ந்து ஓட்டத்தைத் தொடங்கும். எதிர் மின்னழுத்தம் ஏறிவரும்போது அடுத்தவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து மின்னோட்டம் தளராமல் பார்த்துக்கொள்ளும். திறக்கும் நேரங்களை மாற்றினால் துடிப்பின் வடிவம் மாறும். மேலே சொன்ன பேரத்தை நடத்துவது இங்கிருந்துதான்.

கப்பலில் இதை வைக்க ஆற்றல் ஒரு தடையல்ல. நிமிடத்துக்குப் பத்து முறை, முறைக்கு 90 மெகாஜூல் என்றால் சராசரித் தேவை 15 மெகாவாட். அமெரிக்காவின் சூம்வால்ட் வகைப் போர்க்கப்பலின் மின்னாக்கம் 78 மெகாவாட். தடை வெப்பத்திலும் தேய்விலும் இருந்தது. அதே பத்து சுடுகைகளில் தண்டவாளங்களில் மட்டும் 100 மெகாஜூல் வெப்பம் ஏறுகிறது, ஒவ்வொரு சுடுகையின் வெப்பத்தையும் அடுத்த சுடுகைக்குள் வெளியேற்றியாக வேண்டும். சூடான செம்பு மென்மையானது, அதன் மின்தடையும் கூடுதல். ஆகவே அடுத்த சுடுகை இன்னும் அதிகமாகச் சூடாக்கும். அமெரிக்கக் கடற்படை தன் திட்டத்தை 2021இல் நிறுத்தியது.

ஜப்பானின் பாதுகாப்புத் தளவாட முகமை எதிர்த்திசையில் சென்றது. பெரிய ஆற்றலைத் துரத்தாமல், 40 மில்லிமீட்டர் துளையுள்ள சிறிய துப்பாக்கியில் தண்டவாளத் தேய்வைக் குறைப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் அதைக் கப்பலில் வைத்துக் கடலில் சுட்டதாக அறிவித்தது. அந்தத் துப்பாக்கிக்கு வெளியான எண்கள்: 320 கிராம் குண்டு, விநாடிக்கு 2,230 மீட்டர் வேகம், மின்தேக்கிகளில் ஏற்றிய ஆற்றல் 5 மெகாஜூல். குண்டு பெற்றது 0.8 மெகாஜூல், அதாவது ஏற்றியதில் 16 சதவீதம். மீதி 84 சதவீதம் காந்தப்புலம், தண்டவாளம், சுருள்கள், தொடுகை ஆகிய நான்குக்குமிடையே பங்கிடப்பட்டுவிட்டது.